நிலை வரம்பா, ஃபோல்ட்பேக்கா? தோட்டத்து 12 வோல்ட் சப்ளைக்கு ஒரு கணக்கு

குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குள் 12 வோல்ட் கேபிள் இழுத்தால், மழை ஈரம் இணைப்புக்குள் இறங்கி என்றாவது ஷார்ட் ஆகும். இரவில் ஆனால், காலையில் ஆள் போய்ப் பார்க்கும்வரை அப்படியே கிடக்கும். அத்தனை நேரமும் சூட்டைத் தாங்க வேண்டியது, சப்ளையின் மின்னோட்டம் முழுவதும் கடந்துபோகும் பாஸ் டிரான்சிஸ்டர்தான்.

உள்ளே 18 வோல்ட், வெளியே 12 வோல்ட், உச்சம் 2.5 ஆம்பியர், டிரான்சிஸ்டர் 2N3055 என்று வைத்துக்கொள்வோம். நிலை வரம்பு என்றால் ஷார்ட்டிலும் மின்னோட்டத்தை அதே உச்சத்தில் நிறுத்துவது. அதற்கு 0.26 ஓம் சென்ஸ் மின்தடை போதும், 0.65 வோல்ட் அதில் விழுந்ததும் வரம்பு வேலை செய்யும். ஆனால் ஷார்ட்டில் டிரான்சிஸ்டர் மீது 17.3 வோல்ட், 2.5 ஆம்பியர்: 43 வாட். 2N3055 அதைத் தாங்கும், பெரிய ஹீட்சிங்க் இருந்தால். மலைக்காற்று குளிர்ச்சிதான், ஆனால் அடர்த்தி குறைவு. காற்றுக்கும் ஹீட்சிங்க்குக்கும் அதே வெப்பநிலை வித்தியாசம் இருந்தால், சமவெளியில் இழுக்கும் அளவு சூட்டை அது இங்கே இழுக்காது.

ஃபோல்ட்பேக் என்றால் வெளியீட்டு வோல்ட் விழ விழ வரம்பையும் இறக்குவது. அதில், சென்ஸ் மின்தடையைப் பார்த்து வரம்பை இயக்கும் சென்ஸ் டிரான்சிஸ்டரின் பேஸுக்கு R1, R2 பங்கீடு சேர்கிறது. R1 பாஸ் டிரான்சிஸ்டரின் எமிட்டரிலிருந்து, R2 தரைக்கு. Rs சென்ஸ் மின்தடை, Vo வெளியீட்டு வோல்ட், Isc ஷார்ட்டில் ஓடும் மின்னோட்டம், Imax உச்சம்.

```
k    = R2/(R1+R2)
Isc  = 0.65/(k*Rs)
Imax = (0.65 + Vo*(1-k))/(k*Rs)
```

R1 130 ஓம், R2 1000 ஓம், Rs 0.9 ஓம் (இரண்டு 1.8 ஓம் இணையாக). உச்சம் 2.55, ஷார்ட்டில் 0.82 ஆம்பியர், 14 வாட்தான். விலை: முழுச்சுமையில் Rs 2.3 வோல்ட்டையும் கிட்டத்தட்ட 6 வாட்டையும் விழுங்கும்.

இனி லோடு லைனைப் பாருங்கள். கிடை அச்சில் டிரான்சிஸ்டர் மீதான வோல்ட், நெடுக்கு அச்சில் ஆம்பியர். நிலை வரம்பு படுத்த கோடு, ஃபோல்ட்பேக் 3.7 வோல்ட்டிலிருந்து வலப்பக்கம் சரியும். ஷார்ட்தான் மோசமான புள்ளி என்று பலர் நம்பி விடுகிறார்கள். இங்கே வெளியீடு சுமார் 5 வோல்ட்டில் நிற்கும்போது 18 வாட் வரும். ஈரத்தில் பாதி ஷார்ட் ஆன கேபிள் அந்த இடத்தில்தான் நிற்கும். ஹீட்சிங்க்கை இந்த 18-க்குப் போடுங்கள்.

ஆனால் கேபிளின் முனையில் கேமரா இருந்தால் கதை மாறும். உள்ளே ஸ்விட்சிங் ரெகுலேட்டர் வைத்த 11 வாட் கேமரா 6 வோல்ட்டில் விழித்தால் 1.8 ஆம்பியர் கேட்கும். சரிவுக்கோடு அங்கே 1.7 மட்டுமே தரும். சப்ளை ஏற முடியாமல் சிக்கிக்கொள்ளும்: வெளியீடு 6 வோல்ட்டைச் சுற்றி ஆடும், கேமரா விளக்கு எரிந்து அணையும், கேபிளைக் கழற்றினால் உடனே 12. உண்மையான ஷார்ட்டில் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும்.

இதற்கு நிலை வரம்புக்குத் திரும்ப வேண்டாம். சரிவைக் குறைத்தால் போதும்: R1 39 ஓம், Rs 0.45 ஓம். உச்சம் அதே 2.5, ஷார்ட்டில் 1.5, 6 வோல்ட்டில் 2 ஆம்பியர். கேமரா எழும். டிரான்சிஸ்டரின் மோசமான புள்ளி இப்போது ஷார்ட்டிலேயே, 26 வாட். ஆளில்லாத கேபிளுக்கு நான் இதைத்தான் தேர்வேன். ஆள் பக்கத்திலேயே இருக்கும் மேசைச் சப்ளைக்கு நிலை வரம்பு. சோதிக்க, கேமராவை இணைத்தபடியே மின்சாரத்தை அணைத்துப் போடுங்கள்; முதலில் ஏற்றிவிட்டுப் பிறகு இணைத்தால் சிக்கல் தெரியாது.