இன்விசிபிள் ஜிப் என்று காசு வாங்கிவிட்டு இடுப்பில் மேடு வைத்துக் கொடுத்தார்கள்

தங்கை ரிசப்ஷனுக்கு ரா சில்க்கில் ஒரு கவுன் தைக்கக் கொடுத்திருந்தேன். இடுப்பில் தையல், கீழே சுருக்கு வைத்த பாவாடை, முழு லைனிங், பின்பக்கம் இன்விசிபிள் ஜிப். ஜிப்புக்கு மட்டும் தனியாக 250 ரூபாய் வாங்கினார்கள்.

போட்டுப் பார்த்தால் இடுப்புத் தையலில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு மேடு. ரன்னர் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. மூடினாலும் இருபக்க இடுப்புக் கோடும் கால் அங்குலம் ஏறி இறங்கி நிற்கிறது, நடுவில் ஜிப்பின் நாடா தெரிகிறது. கேட்டதற்கு "அயர்ன் பண்ணா படிஞ்சிடும்மா" என்று சூடான பெட்டியை அதன் மேலேயே வைத்து அழுத்தினார் மாஸ்டர். பல் பிளாஸ்டிக் சுருள்தானே, உருகி ஒட்டிக்கொண்டது.

கல்யாணத்துக்கு 4 நாள்தான் இருந்தது. எங்கள் தெருவில் தைக்கும் அக்காவிடம் ஓடினேன். அவர் உள்பக்கத்தைத் திருப்பியதுமே காரணம் தெரிந்தது. இடுப்புத் தையலுக்கு விட்ட துணி மேல்துணியும் லைனிங்குமாக நான்கு அடுக்கு, எல்லாம் ஒரே பக்கம் மடங்கி, ஜிப் ஓரத்தில் இன்னொரு மடிப்பு விழுந்து எட்டாகிவிட்டது. போதாததற்குச் சுருக்கையும் ஓரம் வரை இழுத்துவிட்டிருக்கிறார்கள்.

அக்கா ஜிப்பைப் பிரித்து, இடுப்புத் தையலையும் இருபுறமும் இரண்டு அங்குலம் பிரித்தார். கடைசி ஒரு அங்குலத்தில் சுருக்கை எடுத்துவிட்டுத் தட்டையாகத் தைத்தார். லைனிங்கின் இடுப்புத் தையலைத் தனியாகப் பிரித்து வைத்தார். மேல்துணியில் உள்ளே விட்டதை மேலும் கீழுமாக விரித்து அயர்ன் செய்து, ஜிப் மடிப்புக்குள் போகும் மூலையை மட்டும் வெட்டி எடுத்தார். புது ஜிப்பின் சுருளை உள்பக்கமிருந்து மிதமான சூட்டில் நிமிர்த்திக்கொண்டார். முதல் பக்கம் தைத்ததும் ஜிப்பை மூடி, இடுப்புக் கோடு வரும் இடத்தில் மறுபக்க நாடாவில் சாக்பீஸால் கோடு போட்டார். பிறகு திறந்து, அந்தக் கோட்டை மறுபக்க இடுப்புத் தையலோடு சேர்த்துக் கையால் ஓடுதையல் போட்டு, மூடிப் பார்த்த பிறகுதான் மெஷினில் வைத்தார்.

ரா சில்க்கில் பிரித்த ஊசித் துளை மறையாது. அதனால் சுருள் பழைய துளை வரிசையை ஒட்டியே வரும்படி வைத்தார். மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டில், அடியில் பள்ளம் உள்ள இன்விசிபிள் ஜிப் ஃபுட் அவரிடம் இருந்தது, சுருளை ஒட்டித் தையல் ஓடியது. பழைய கடையில் சாதா ஃபுட்டால் சுருளை விட்டு 3 மில்லிமீட்டர் தள்ளித் தைத்திருந்தார்கள், நாடா தெரிந்தது அதனால்தான்.

இடுப்புத் தையல் உள்ள உடுப்பைக் கொடுக்கும் முன் அந்த ஃபுட் இருக்கிறதா என்று கேளுங்கள். வாங்கும்போது கடையிலேயே உள்ளே திருப்பி இடுப்புத் தையலைப் பாருங்கள், ரன்னரை நாலு தடவை ஏற்றி இறக்குங்கள். மேட்டை அயர்ன் பண்ணிச் சரிசெய்கிறேன் என்றால் விடாதீர்கள், பிரித்துத்தான் தைக்க வேண்டும். என் 250 ரூபாயை அந்தக் கடையில் இன்னும் திருப்பித் தரவில்லை.