"எக்ஸ்ட்ரா லெக்ரூம்" என்று விற்கும் சீட்டில் தூங்க முடியாது: பணம் கட்டும் முன் இதைப் பாருங்கள்

நீண்ட தூர விமானத்தில் கூடுதலாகப் பணம் கட்டி "எக்ஸ்ட்ரா லெக்ரூம்" சீட் எடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, மகன் அல்லது மகள் வீட்டுக்கு அமெரிக்கா போகும் பெற்றோருக்கு வசதியாக இருக்கட்டும் என்று அந்த சீட்டை புக் செய்து கொடுக்கும் பிள்ளைகள் படிக்க வேண்டும். எங்களிடம் பணத்தை வாங்கிக்கொண்டு, அந்த சீட்டைப் பற்றிய முக்கியமான விவரங்கள் எதையும் சொல்லாமல் விட்டார்கள். கேட்டபோது, "நீங்கள் வாங்கியது கால் நீட்ட இடம், அதைக் கொடுத்துவிட்டோம்" என்று பதில் வந்தது.

மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் சென்னையிலிருந்து கிளம்பி, வளைகுடாவில் விமானம் மாறி நியூயார்க் போனோம். இரண்டாவது விமானம் போயிங் 777-300ER. ஏறக்குறைய 14 மணி நேரப் பயணம். எகானமியில் ஒரு வரிசைக்கு 3-4-3 என்று பத்து சீட். நான் ஆறடிக்கு மேல் உயரம். சாதாரண சீட்டில் முன் சீட்டின் முதுகில் முழங்கால் இடிக்கும். அதனால்தான் நடுக் கதவுக்குப் பின்னால் இருக்கும் முதல் வரிசையில் ஜன்னல் பக்கம் A, B இரண்டையும் இருவருக்கும் சேர்த்து 18 ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கினேன். சீட் மேப்பில் அந்த இரண்டு கட்டங்களும் வேறு நிறத்தில் இருந்தன. தொட்டதும் "அதிக கால் இடம்" என்ற பொருளில் ஒரே வரி வந்தது. வேறு ஒன்றும் இல்லை.

உட்கார்ந்த பிறகுதான் என் சீட்டின் லட்சணம் தெரிந்தது. அவசரக் கதவின் கீழ்ப்பகுதி உள்பக்கமாகப் பெரிதாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். அவசரத்தில் காற்றடைத்து விரியும் சறுக்குப் பலகையை மடித்து வைத்திருக்கும் பெட்டி அது. அந்தப் புடைப்பு A சீட்டுக்கு நேர் முன்னால், இடது கால் போக வேண்டிய இடத்தில் இருக்கிறது. வலது காலை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம். இடது காலை மடக்கித்தான் வைக்க வேண்டும், இல்லையென்றால் உடம்பைத் திருப்பி மனைவி பக்கம் சாய வேண்டும். கால் இடத்துக்காக இந்த வரிசையை எடுத்தே தீருவேன் என்றால் B அல்லது C எடுங்கள். A வேண்டாம். கதவை ஒட்டி இருப்பதால் காலடியில் குளிரும் அதிகம். இரண்டு ஜோடி காலுறை போட்டும் பாதம் சில்லென்றே இருந்தது.

அடுத்தது கைப்பிடி. தூக்கத்தைக் கெடுத்ததில் இதற்குத்தான் முதல் இடம். முன்னால் சீட் இல்லாத வரிசையில் சாப்பாட்டு ட்ரேயை மாட்ட இடம் இல்லை. அதனால் அதை மடித்துக் கைப்பிடிக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். திரையும் சீட்டுக்குக் கீழே இருந்து ஒரு தண்டோடு வெளியே வருகிறது. இவ்வளவும் உள்ளே அடங்க வேண்டும் என்பதால் கைப்பிடி தடிமனான பெட்டிபோல் உட்காரும் மெத்தை வரை இறங்குகிறது. மேலே தூக்க வராது. சீட்டின் அகலமும் அந்த அளவுக்குக் குறைகிறது. பத்து சீட் வரிசை கொண்ட 777-இல் சீட்டே சுமார் 17 அங்குலம்தான். சாதாரண வரிசையில் கைப்பிடிக்குக் கீழே கொஞ்சம் இடைவெளி இருக்கும், இடுப்பு அதில் பரவிக்கொள்ளும். இங்கே இரண்டு பக்கமும் சுவர்.

இதில் வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? எங்கள் பக்கத்து C சீட் காலியாக வந்தது. கதவை மூடியதும் மனைவிக்கு அவ்வளவு சந்தோஷம். கைப்பிடிகளைத் தூக்கிவிட்டு, என் மடியில் தலை வைத்துக் காலை மடக்கிப் படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சாதாரண வரிசையாக இருந்திருந்தால் அது நடந்திருக்கும். இங்கே இரண்டு கைப்பிடியும் அசையவில்லை. ஒரு காலி சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரவு முழுக்க நேராக உட்கார்ந்து வந்தோம்.

அப்புறம் டாய்லெட். எங்கள் வரிசைக்கு எதிரே, நாலு எட்டு தூரத்தில் இரண்டு டாய்லெட். விளக்கை அணைத்த பிறகும் ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் வெள்ளை வெளிச்சம் நேராக முகத்தில் விழுந்தது. கண்ணை மூடும் துணி வெளிச்சத்தைத் தடுக்கும், சத்தத்தை என்ன செய்வது? அந்த ஃப்ளஷ் காற்றின் இழுவிசையில் வேலை செய்வது, வீட்டு டாய்லெட்போல் இல்லை, சட்டென்று உறிஞ்சிக்கொண்டு அலறும். சாப்பாடு முடிந்ததும் வரிசை கட்டி நிற்கிறார்கள். நிற்க எங்கே இடம் இருக்கிறது? நாங்கள் பணம் கட்டி வாங்கிய அந்தக் கால் இடத்தில்தான். காலை நீட்டினால் யாராவது தடுக்கி விழுவார்கள் என்று நானே மடக்கிக்கொண்டேன். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. விமானத்தில் நிமிர்ந்து நின்று முதுகை நீட்ட வேறு இடமே கிடையாது.

டாய்லெட்டுக்குப் பின்னால் பேன்ட்ரி. சாப்பாடு பரிமாறும் நேரத்தில் மட்டும்தான் சத்தம் இருக்கும் என்று நினைக்காதீர்கள். தள்ளுவண்டிகளை உள்ளே விட்டு இரும்புத் தாழ்ப்பாளைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் டக் டக் என்று கேட்கும். 14 மணி நேர விமானத்தில் பணியாளர்கள் முறைவைத்துத் தூங்கப் போவார்கள், மீதிப் பேர் பேன்ட்ரியில்தான் இருப்பார்கள். தண்ணீர் கேட்டு, பிஸ்கட் கேட்டு ஆள் வந்துகொண்டே இருக்கும். திரைச்சீலை விலகும்போதெல்லாம் வெளிச்சமும் பேச்சும் வெளியே வரும்.

வேறு சீட் கேட்டேன். பின்னால் காலியாக இருந்தவை நடு சீட்டுகள்தான், அதுவும் தனித்தனியாக. அந்தப் பணிப்பெண் மரியாதையாகத்தான் பேசினார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். "பணம் திரும்ப வேண்டுமென்றால் இணையத்தில் எழுதுங்கள் சார்" என்றார். எழுதினேன். முதல் பதில்தான் மேலே சொன்னது. டாய்லெட், தூக்க முடியாத கைப்பிடி, கதவுப் புடைப்பு மூன்றும் விற்பனைப் பக்கத்தில் இல்லை என்று படத்தோடு மறுபடி எழுதியதும், அடுத்த பயணத்தில் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். பணம் தரவில்லை. தள்ளுபடியை நான் வாங்கிக்கொள்ளவும் இல்லை.

நீங்கள் இதில் சிக்காமல் இருக்க, முதலில் ஒன்றைத் தீர்மானியுங்கள்: உங்களுக்கு வேண்டியது கால் நீட்டுவதா, தூங்குவதா? நிறுவனம் இரண்டையும் ஒன்றாக்கி விற்கிறது, ஆனால் பெரும்பாலும் இரண்டும் ஒரே சீட்டில் கிடைப்பதில்லை. தூக்கம்தான் வேண்டும் என்றால் ஜன்னல் ஓரம், முன்னால் சீட் உள்ள சாதாரண வரிசை, டாய்லெட்டுக்கும் பேன்ட்ரிக்கும் குறைந்தது ஐந்தாறு வரிசை தள்ளி. இரண்டு பேர் போகிறீர்கள் என்றால் மூன்று சீட் பக்கத்தில் A, C எடுத்து நடுவில் B-யை விட்டுவையுங்கள். விமானம் நிரம்பாவிட்டால் தனியாக B கேட்டு யாரும் வருவது அரிது. வந்தாலும் அவருக்கு ஜன்னலையோ ஓரத்தையோ கொடுத்துவிட்டு நீங்கள் சேர்ந்து உட்காரலாம். நடைபாதை ஓரக் கைப்பிடி தூக்க வராததுபோல் இருக்கும். பல விமானங்களில் அதன் அடியில், பின்பக்கம் கீலுக்கு அருகே ஒரு சின்ன பொத்தான் இருக்கும். விரலால் தடவி அழுத்தினால் மேலே வரும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு எழுந்து வெளியே வர இது பெரிய உதவி.

கால் இடம்தான் வேண்டும் என்றால், எக்ஸிட் வரிசையையும் முன்னால் தடுப்புச் சுவர் உள்ள வரிசையையும் ஒன்றாக நினைக்காதீர்கள். சுவர் வரிசையில் முன் சீட்டுக்கு அடியில் காலை நுழைக்க முடியாது. உயரமானவர்களுக்குச் சாதாரண சீட்டைவிட மோசமாகவும் அமையலாம். குழந்தைத் தொட்டில் மாட்டும் இடமும் பெரும்பாலும் அந்தச் சுவர்தான். எக்ஸிட் வரிசையில் டேக்-ஆஃப், லேண்டிங் நேரத்தில் கைப்பையைக்கூடக் காலடியில் வைக்க விடமாட்டார்கள், மாத்திரை, கண்ணாடி எல்லாம் மேலே போய்விடும். அவசரத்தில் கதவைத் திறந்து உதவக்கூடியவர்தான் அங்கே உட்காரலாம். வயதானவர், நடக்கச் சிரமப்படுபவர் என்று தெரிந்தால் இடம் மாற்றிவிடுவார்கள். அப்படி மாற்றினால் கட்டிய பணம் திரும்பாது என்று பல நிறுவனங்கள் விதியிலேயே எழுதி வைத்திருக்கின்றன. அப்பா அம்மாவுக்கு எடுத்துக் கொடுப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

சென்னையிலிருந்து சிங்கப்பூர், கொழும்பு போகும் A320, 737-800 மாதிரிச் சின்ன விமானங்களில் இன்னொரு பொறி இருக்கிறது. இறக்கை மேல் அடுத்தடுத்து இரண்டு எக்ஸிட் வரிசை இருந்தால், முன்னால் உள்ளது பின்னால் சாயாது. சாய்ந்தால் அடுத்த கதவுக்குப் போகும் வழி அடைபடும். இரண்டையும் கூடுதல் விலைக்கு விற்பார்கள், இரவு விமானத்தில் இரண்டாவதை எடுங்கள். கடைசி வரிசைக்கும் இதே சாய்வுப் பிரச்சினை இருக்கும், கூடவே டாய்லெட் சுவரும்.

நிறுவனத்தின் சீட் மேப்பை மட்டும் நம்ப வேண்டாம். அதில் எல்லாக் கட்டமும் ஒரே அளவில்தான் இருக்கும். புக்கிங்கில் விமான வகை என்ன என்று பாருங்கள், 777-300ER என்றால் 77W என்று போட்டிருக்கும். ஒரே நிறுவனத்திலேயே ஒரே வகை விமானம் இரண்டு மூன்று அமைப்பில் இருக்கும். அதனால் உங்கள் சீட் மேப்பில் உள்ள வரிசை எண்கள் எந்த அமைப்போடு ஒத்துப்போகின்றன என்று aerolopa.com-இல் ஒப்பிடுங்கள். டாய்லெட், பேன்ட்ரி, கதவு, ஜன்னல் எல்லாம் அளவோடு வரைந்திருப்பார்கள்.

பணம் கட்டும் நேரத்தில், சீட்டைப் பற்றி என்ன சொல்லி விற்கிறார்கள் என்ற அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். சீட் கட்டணத்துக்கு டிக்கெட் எண்ணிலிருந்து வேறாக, EMD எனப்படும் மின்னணுக் கட்டண ஆவணத்தின் 13 இலக்க எண் ஒன்று வரும். பணம் திரும்பக் கேட்க அதுதான் தேவைப்படும், ரசீது மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் புக்கிங்கைத் திறந்து சீட் எண் அதேதானா என்று பாருங்கள். விமானத்தை மாற்றினால் சீட்டும் சத்தமில்லாமல் மாறிவிடும். பணம் கட்டி வாங்கிய வகை சீட்டைத் தராவிட்டால் அந்தக் கட்டணத்தைத் திரும்பக் கேளுங்கள், பழைய சீட் எண்ணும் போர்டிங் பாஸும் கையில் இருக்கட்டும். நிறுவனம் பதில் தராவிட்டால் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியலாம்.