கல்யாணச் சேமிப்பில் 65,625 ரூபாய் போயிற்று: கடலோர மக்கள் கவனத்திற்கு

மகளின் திருமணத்துக்கு இன்னும் சில வாரங்களே இருக்கும் நிலையில், ஐந்தாண்டுச் சேமிப்பில் 65,625 ரூபாயை இழந்த எரிச்சலோடு இதை எழுதுகிறேன். பாம்பன் பக்கத்தில் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். பணம் கட்டியது ஒரு தனியார் நிதி நிறுவனத்தில். பெயரை எழுதப் போவதில்லை, வழக்கு என்று இழுப்பார்கள்.

அவர்களுடைய முகவர் எங்கள் தெருக்காரர். அக்கா, அக்கா என்றுதான் அழைப்பார். கருவாடு காய்ந்துகொண்டிருந்த முற்றத்திலேயே உட்கார்ந்து, ரசீதுப் புத்தகத்தின் பின்அட்டையில் கணக்குப் போட்டுக் காட்டினார். மாதம் 10,000 வீதம் 60 மாதத்துக்கு 6 லட்சம். ஆண்டுக்கு 8 விழுக்காடு என்றால் ஐந்தாண்டுக்கு 40 விழுக்காடு, அதாவது 2,40,000. ஆக மொத்தம் 8,40,000. எனக்குத் தேவைப்பட்டது 8 லட்சம். அந்தத் தொகையைச் சுற்றி வட்டம் போட்டு, "கல்யாணம் முடிஞ்சு கையில நாப்பதாயிரம் மிஞ்சும் அக்கா" என்றார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, மே, ஜூன் தவணைகளை எப்படிக் கட்டுவது என்று நான் கேட்டபோது, "அந்த ரெண்டு மாசமும் கட்ட வேணாம், வட்டி அது பாட்டுக்கு ஓடும்" என்று சொன்னார். நான் நம்பியது 8,40,000 என்ற எண்ணைக்கூட அல்ல, இந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

முதலில் அந்தக் கணக்கே பொய்க்கணக்கு. 6 லட்சமும் முதல் நாளிலேயே போடப்பட்டிருந்தால்தான் ஐந்தாண்டு வட்டி கிடைக்கும். மாதாமாதம் கட்டும்போது முதல் தவணையான 10,000 மட்டுமே 60 மாதம் இருந்து 4,000 ரூபாய் வட்டி ஈட்டுகிறது. கடைசித் தவணை ஒரு மாதம் இருந்து 67 ரூபாய்தான் ஈட்டுகிறது. ஆகவே ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டினாலும் தனிவட்டியில் 1,22,000 ரூபாய்தான், கிட்டத்தட்ட அவர் சொன்னதில் பாதிதான் வரும். காலாண்டுக்கு ஒருமுறை வட்டியை முதலோடு சேர்த்தாலும் மொத்தம் ஏறக்குறைய 7,38,600 தான். 8 லட்சத்தைத் தொட 65 மாதம் ஆகும்.

நான் ஜூலையில் தொடங்கி, ஒவ்வோர் ஆண்டும் மே, ஜூன் தவிர பத்துத் தவணை கட்டினேன். ஐந்தாண்டில் 5 லட்சம். பேசிய 8 விழுக்காட்டைத் தனிவட்டியாகக் கொடுத்திருந்தால்கூட வட்டி 1,05,000 வந்திருக்க வேண்டும். அந்த வேகத்தில் 8 லட்சம் சேர ஆறு ஆண்டு நான்கு மாதம் ஆகும் என்பதை இப்போது என் மகள் உட்கார்ந்து கணக்கிட்டுச் சொல்கிறாள்; முகவர் அன்றே சொல்லியிருந்தால் திருமண நாளை அடுத்த ஆண்டுக்கு வைத்திருப்போம்.

முதிர்வு நாளில் கையில் கிடைத்தது 5,39,375. தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் கணக்கு ஒழுங்கற்றதாகிவிடும், அப்படிப்பட்ட கணக்குக்கு 3 விழுக்காடுதான் வட்டி என்று ஒரு விதித்தாளை நீட்டினார்கள். அந்தத் தாளை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். 1,05,000 வர வேண்டிய இடத்தில் 39,375. மீதி 65,625 எங்கே என்று கேட்டதற்கு, காசாளர் கணினித் திரையை என் பக்கம் திருப்பி, "சிஸ்டம்ல இப்படித்தான் காட்டுது" என்றார். மேலாளர் எப்போது போனாலும் மீட்டிங்கில் இருந்தார். தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். எழுதிய கடிதத்தின் நகலைக் கேட்டால் அது உள்விவகாரம் என்றார்கள். முகவரோ, "நான் அங்கிருந்து விலகிட்டேன் அக்கா, என்னைக் கேட்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார். தடைக்கால வாக்குறுதி எங்கும் எழுத்தில் இல்லையாம். வட்டம் போட்ட அந்த அட்டை மட்டும் என்னிடம் இருக்கிறது, அதிலும் அவர் கையெழுத்து இல்லை. 65,625 ரூபாய் என்றால் எங்கள் வீட்டில் பந்திச் செலவில் பெரும்பகுதி.

விரிவாக அறிவுரை எழுதலாம் என்றுதான் தொடங்கினேன், பத்திரிகை அடிக்கக் கொடுக்க வேண்டியிருப்பதால் நேரமில்லை. மாதத் தவணைச் சேமிப்பில் மொத்த முதலுக்கும் முழுக்கால வட்டி போட்டுக் காட்டினால் எழுந்து போய்விடுங்கள். பாதியாக்கிப் பார்த்தால்தான் உண்மைக்கு அருகில் வரும். தவணை தவறினால் என்ன பிடிப்பார்கள் என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். அஞ்சலகத் தொடர்வைப்பில்கூடத் தவறும் மாதத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் பிடிப்பார்கள், ஆனால் அது முன்கூட்டியே தெரிந்த தொகை. தடைக்காலத்தில் வருமானம் நிற்பவர்கள் ஆண்டுக்குப் பத்துத் தவணை என்றே கணக்கிட்டு, அதற்கேற்பத் திருமண ஆண்டைத் தள்ளி வையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் புகார் பதிந்துவிட்டேன். ரசீதுகளின் நகலை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை இராமநாதபுரம் போகிறேன்.