உதவியாளருக்கு எந்த நினைவு வேண்டும்: நடந்ததா, தெரிந்ததா?

மனித நினைவை, நடந்தது நினைவிருப்பது என்றும் தெரிந்து வைத்திருப்பது என்றும் உளவியலாளர் எண்டெல் டல்விங் 1972-இல் பிரித்துக் காட்டினார். பயனரை நினைவில் வைக்கும் AI உதவியாளரை வடிவமைக்கும்போதும் இதே தேர்வு வருகிறது. உரையாடல்களைத் தேதியோடு அப்படியே சேமித்து, தேவைப்படும்போது தேடி எடுப்பது நிகழ்வு நினைவு. அவற்றிலிருந்து சின்னச் சின்ன வாக்கியங்களைப் பிரித்தெடுத்து வைப்பது தகவல் நினைவு.

பலரும் தகவல் நினைவில்தான் தொடங்குகிறார்கள். பட்டியல் சிறியது என்பதால் ஒவ்வொரு கேள்வியோடும் முழுசாக அனுப்பிவிடலாம், தேடவே வேண்டாம். ஆனால் பிரித்தெடுக்கும்போதே சூழல் உதிர்ந்துவிடுகிறது. மார்ச் 3 அன்று ஒருவர், "முழங்காலில் அடி, ஆறு வாரம் ஓடக் கூடாதாம், காலை அலாரம் வேண்டாம்" என்கிறார். "பயனர் ஓடுவதில்லை" என்று பதிவாகிறது. ஜூனில் உடற்பயிற்சித் திட்டம் கேட்டால் ஓட்டமே இல்லாத திட்டம் வருகிறது. ஏன் என்று அவருக்கும் புரியாது, பட்டியலைப் பார்க்கும் நமக்கும் புரியாது.

நிகழ்வு நினைவில் அந்த வாக்கியம் முழுசாக இருக்கும். ஆறு வாரம் ஏப்ரல் 14-இல் முடிந்ததைத் தேதியை வைத்தே கணக்கிடலாம். சரி, அப்படியானால் இது மட்டும் போதுமா? போதாது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரே ஒரு முறை, வேறு ஏதோ பேச்சினிடையே, பென்சிலின் ஒவ்வாமை பற்றிச் சொல்லியிருப்பார். இன்று "தொண்டை வலிக்கிறது" என்கிறார். பொருள் ஒற்றுமையை வைத்துத் தேடினால் பழைய தொண்டைவலிப் பேச்சுகள்தான் முதலில் வரும். புதியவற்றுக்கு முன்னுரிமை தந்தால் நிலைமை இன்னும் மோசம். AI பாத்திரங்களுக்கு நினைவு கொடுத்துப் பார்த்த, 2023-இல் வந்த ஜெனரேட்டிவ் ஏஜென்ட்ஸ் ஆய்வில், ஒரு நினைவைக் கடைசியாக எடுத்துப் பார்த்ததிலிருந்து மணிக்கு 0.995 மடங்காக அதன் அண்மை மதிப்பு குறையும். முப்பது நாளில் அது 3 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். முக்கியத்துவத்துக்குத் தனி மதிப்பெண் உண்டுதான், ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தை மதிப்பெண் போட்டிக்கு விட எனக்கு மனமில்லை.

அதனால் நான் தகவல் பக்கமே நிற்பேன், ஒரு நிபந்தனையோடு. ஒவ்வொரு தகவலும் தான் பிறந்த நிகழ்வைச் சுட்ட வேண்டும், காலாவதியையும் சுமக்க வேண்டும்:

```json
{"fact": "ஓட்டம் தவிர்க்கிறார்; முழங்கால் காயம்",
 "valid_until": "04-14",
 "source": "ep_0303"}
```

ஒவ்வாமைக்கு `valid_until` காலியாக இருக்கும், பயனரே மாற்றச் சொல்லும் வரை.

`source` இன்னொரு இடத்திலும் கைகொடுக்கிறது. "அந்தப் பேச்சை மறந்துவிடு" என்று பயனர் சொன்னால், உரையாடலை மட்டும் அழித்தால் அதிலிருந்து பிறந்த தகவல் மிஞ்சும். தகவலை மட்டும் அழித்தால், அடுத்த முறை பழைய பேச்சுகளை அலசும்போது அது மறுபடி முளைக்கும். சுட்டி இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் நீக்கலாம். அப்புறம் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டு, பதிலில் அதன் வாடை வருகிறதா என்று சோதித்துவிடலாம்.