கல்லூரி கூகுள் கணக்கிலிருந்து சொந்த ஜிமெயிலுக்கு: ஓராண்டு கழித்து என் அனுபவம்

பொறியியல் படித்த நான்கு ஆண்டுகளில் கல்லூரி கொடுத்த கூகுள் கணக்கில் சேர்ந்த எல்லாவற்றையும் சொந்த ஜிமெயிலுக்குக் கொண்டுவர நான் நம்பியது ‘டேக்அவுட் டிரான்ஸ்ஃபர்’ என்ற வசதியை. கல்லூரி அந்தக் கணக்கை நீக்கி ஓராண்டுக்கு மேல் ஆகிறது. பழைய கணக்கு உயிரோடு இருக்கும்வரை எது வந்தது, எது வரவில்லை என்பது சரியாகத் தெரியாது. அதனால்தான் இவ்வளவு தாமதமாக எழுதுகிறேன்.

செய்முறை எளிது. கல்லூரிக் கணக்கில் நுழைந்து `takeout.google.com/transfer` பக்கத்தைத் திறந்து சொந்த முகவரியைக் கொடுக்க வேண்டும். அந்த முகவரிக்கு வரும் மடலின் வழியாகக் கிடைக்கும் குறியீட்டை இங்கே இட்டு, டிரைவ், ஜிமெயில் இரண்டில் எது வேண்டும் என்று சொன்னால் போதும். பிறகு கணினியை அணைத்துவிட்டுப் போகலாம். எதுவும் நம் இணைய இணைப்பு வழியாக இறங்கி ஏறுவதில்லை. பெரும்பாலும் சில மணி நேரத்தில் முடிந்துவிடும், ஆனால் ஒரு வாரம் வரை இழுக்கலாம் என்பதால் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. கூகுள் போட்டோஸில் இருப்பவை இந்த வழியில் வராது. நிர்வாகி இந்த வசதியை முடக்கியிருந்தால், சாதாரண டேக்அவுட்டில் ஜிப் கோப்பாக இறக்கிக்கொள்ளும் வழி திறந்திருக்கிறதா என்று பார்க்கலாம். அதில் மடல்கள் எம்பாக்ஸ் வடிவில் வரும். அவற்றைப் படிக்க தண்டர்பேர்ட் போன்ற மென்பொருள் வேண்டும்.

இலவசக் கணக்கில் இடம் 15 ஜிபிதான், அதையும் மடல், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஆய்வக வீடியோக்களை முதலில் ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றிய பிறகே நான் நகலெடுப்பைத் தொடங்கினேன்.

இதுவரை குறை சொல்ல எதுவுமில்லை. சிக்கல் எல்லாம் ஒரு கோப்பு யாருடையது என்பதில்தான். என் வகுப்பில் பலர் செய்தது, கல்லூரி டிரைவின் கோப்புறைகளைச் சொந்த முகவரிக்குப் ‘பகிர்ந்து’ வைத்ததுதான். புதிய கணக்கில் கோப்புகள் கண்ணுக்குத் தெரிந்தன, திறந்தன, திருத்தவும் முடிந்தது. ஆனால் உரிமையாளர் இன்னமும் கல்லூரிக் கணக்குதான். அது நீக்கப்பட்டதும் கோப்புகளும் போய்விட்டன. உரிமையையே மாற்றித் தரலாமே என்றால், கல்லூரிக் கணக்கிலிருந்து வெளியார் ஜிமெயிலுக்கு அதைக் கூகுள் அனுமதிப்பதில்லை. நகல் ஒன்றே வழி.

இதைக் கண்டுபிடிக்கத் தேடல் பெட்டியே போதும். நகலெடுப்பு முடிந்த பிறகு, சொந்தக் கணக்கின் டிரைவில் பழைய முகவரியை உரிமையாளராகக் கொடுத்துத் தேட வேண்டும்:

```
owner:பழைய-கல்லூரி-முகவரி
```

இதில் வரும் ஒவ்வொரு கோப்பும் பழைய கணக்கோடு சேர்ந்து மறையப்போவது. அதற்கு நகல் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். கல்லூரிக் கணக்கில் `-owner:me` என்று தேடினால் இன்னொரு பட்டியல் வரும்: நாம் தினமும் திறந்து எழுதிய, ஆனால் வேறொருவருக்குச் சொந்தமானவை. எங்கள் இறுதியாண்டு புராஜெக்ட் அறிக்கை அங்கேதான் கிடந்தது. முதல் நாள் அதை உருவாக்கியவர் அணியிலிருந்த ஒரு தோழி; அவரும் அதே நாளில் கணக்கை இழக்கவிருந்தார். ஒவ்வொன்றையும் திறந்து ‘நகலெடு’ கொடுத்து என் பெயருக்கு மாற்றிய பிறகே டிரான்ஸ்ஃபரை ஓட்டினேன். நகலில் பழைய திருத்த வரலாறு இருக்காது. யார் எந்தப் பகுதியை எழுதினார் என்பதற்குச் சான்று வேண்டுமென்றால் அதைத் தனியாகப் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நகல்களிலும் ஒரு ஓட்டை உண்டு. எங்கள் அளவீட்டு விரிதாள் `IMPORTRANGE` மூலம் இன்னொரு விரிதாளிலிருந்து எண்களை இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டும் நகலாகின, ஆனால் சூத்திரத்துக்குள் இருந்த முகவரி பழைய கோப்பினுடையதே. அந்தக் கோப்பு என் சொந்த முகவரிக்கும் பகிரப்பட்டிருந்ததால் பல மாதங்கள் எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது. கல்லூரிக் கணக்கு நீங்கியதும் ஒரு முழு நெடுவரிசையும் `#REF!` ஆகிவிட்டது. எண்கள் இருந்த விரிதாளின் நகல் கையில் இருந்ததால், சூத்திரத்தில் அதன் முகவரியை மாற்றி எழுத, எல்லாம் திரும்ப வந்தன. அறிக்கைகளுக்குள் நாம் வைத்த இணைப்புகளுக்கும் இதே கதிதான். கூகுள் படிவம் வைத்து ஆய்வு நடத்தியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: படிவத்தை நகலெடுத்தால் கேள்விகள் மட்டுமே வரும், பதில்கள் வராது. பதில்களை முதலில் ஒரு விரிதாளாக்கிவிடுவது நல்லது.

எப்போது மூடுவார்கள் என்பதை எங்கள் கல்லூரி கடைசிவரை எழுத்தில் தரவில்லை. அலுவலகத்தில் கேட்டால் ஆளுக்கொரு மாதம் சொன்னார்கள். நீக்கிய கணக்கை 20 நாட்களுக்குள் நிர்வாகியால் மீட்க முடியும் என்பது அங்கே பலருக்குத் தெரியவே இல்லை. அந்தக் கெடு தாண்டுவதற்குள் கணினித் துறையில் நேரில் போய் நின்ற ஒரு நண்பனுக்குக் கணக்கு ஒரு வாரத்துக்குத் திரும்பக் கிடைத்தது. தொலைபேசியில் மட்டும் கேட்டவர்களுக்குக் கிடைக்கவில்லை.