37 ஜிகாபெக்கரல் அமெரிசியம்-பெரிலியம் மூலத்துக்கு போரான் பாலிஎத்திலீன் கவசம்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

அமெரிசியம்-பெரிலியம் நியூட்ரான் மூலம் ஒன்றை ஆண்டுக்கணக்கில் வைத்துக் கையாளும் இடங்களில், கவசம் பற்றிய கேள்வி பெரும்பாலும் ஈயப் பானையில்தான் தொடங்குகிறது. காமா மூலங்களுக்கு வாங்கிய பானை ஏற்கெனவே அங்கே இருக்கும். தூக்கினால் கனக்கும். மூலத்தை அதற்குள் இறக்கி, கெய்கர் மீட்டரை அருகில் கொண்டுபோனால் முள் ஏறக்குறைய இயற்கைப் பின்னணி அளவுக்கே இறங்கிவிடும். அந்த முள்ளை நம்புவதுதான் இந்தத் துறையில் நாங்கள் அடிக்கடி பார்க்கும் ஆபத்தான தவறு.

முள் இறங்கியதற்குக் காரணம் எளிது. அமெரிசியம்-241 வெளிவிடும் காமாவில் பெரும்பங்கு 60 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்டது. அதைத் தடுக்க ஒரு மில்லிமீட்டர் ஈயமே தாராளம். அமெரிசியத்தின் ஆல்பா பெரிலியத்தில் பட்டு நியூட்ரானைக் கிளப்பும் வினையில் வரும் 4.4 மெகா எலக்ட்ரான் வோல்ட் காமாவும் 10 செ.மீ. ஈயத்தில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். கெய்கர் குழாய்க்கு நியூட்ரான் தெரியவே தெரியாது. ஆக, காமா மறைந்ததை மட்டும் அது சொல்கிறது. நியூட்ரானின் பெரும்பகுதி பானைச் சுவரைக் கடந்து வெளியே வந்துகொண்டே இருக்கிறது. 37 ஜிகாபெக்கரல், அதாவது 1 கியூரி மூலம், நொடிக்கு ஏறத்தாழ 22 லட்சம் நியூட்ரான் தரும். கவசம் எதுவும் இல்லாதபோது ஒரு மீட்டர் தொலைவில் கதிர்வீச்சு அளவு மணிக்கு சுமார் 25 மைக்ரோசீவர்ட். 10 செ.மீ. ஈயம் இந்த எண்ணை மிகக் கொஞ்சமே குறைக்கும்.

ஏன் என்பதற்கு மோதல் கணக்கு ஒன்றே போதும். ஓடிவரும் நியூட்ரான் ஓர் அணுக்கருவில் மோதித் தெறிக்கும்போது இழக்கக்கூடிய அதிகபட்ச ஆற்றல் பங்கு 4A/(A+1)^2. இதில் A என்பது அணுக்கருவின் நிறை எண். ஹைட்ரஜனுக்கு A = 1, எனவே ஒரே மோதலில் முழு ஆற்றலும் போகலாம்; சராசரியாகப் பாதி போகும். ஈயத்துக்கு A = 207, அதிகபட்சமே 1.9 சதவீதம், சராசரி ஒரு சதவீதம். 2 மெகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரானை வெப்ப நிலைக்கு, அதாவது சுற்றியுள்ள அணுக்களின் மெதுவான அசைவு அளவுக்கு, கொண்டுவர ஹைட்ரஜனில் சுமார் 18 மோதல் வேண்டும். ஈயத்தில் ஏறத்தாழ 1,900. கோலிக்குண்டை இன்னொரு கோலிக்குண்டின் மேல் விடுவதற்கும் அம்மிக்கல்லின் மேல் விடுவதற்கும் உள்ள வேறுபாடுதான். அம்மியில் பட்ட குண்டு திசையை மாற்றிக்கொண்டு அதே வேகத்தில் போய்விடும்.

ஈயம் முற்றிலும் சும்மா இருக்கிறது என்று சொல்வதும் சரியல்ல. ஒரு மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலே, நியூட்ரான் ஈயக் கருவைக் கிளர்த்தி விட்டு, தன் ஆற்றலில் ஒரு துண்டை இழப்பதுண்டு. கருவின் முதல் கிளர்நிலைக்குக் கீழே இறங்கிய பிறகு அந்த வழியும் அடைபடும். ஈயம்-207க்கு அது 0.57, ஈயம்-208க்கு 2.6 மெகா எலக்ட்ரான் வோல்ட். அரை மெகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரான் உடலுக்கு இன்னும் முழுத் தீங்கு செய்யும் ஒன்றுதான். அதை ஈயம் உள்ளே அலைக்கழிக்குமே தவிர, பிடித்துவைக்காது.

கவச அட்டவணைகளைப் பார்ப்பவர்கள் விழும் குழி ஒன்று இங்கே இருக்கிறது. ஒரு செ.மீ. பொருள் வேக நியூட்ரானை எவ்வளவு நீக்கும் என்று காட்டும் 'நீக்க குறுக்குவெட்டு' என்ற பத்தியில் தண்ணீருக்கு ஒரு செ.மீ.க்கு 0.103 என்றும், ஈயத்துக்கு 0.118 என்றும் அச்சாகியிருக்கும். பார்த்தவுடன் ஈயம் தண்ணீரைவிட மேல் என்றே தோன்றும். ஆனால் அந்த எண், ஈயத்துக்குப் பின்னால் அரை மீட்டர் அளவுக்குத் தண்ணீரோ வேறு ஹைட்ரஜன் பொருளோ இருக்கும் அமைப்பில் அளந்தது. ஈயம் திசைதிருப்பி, கொஞ்சம் ஆற்றல் குறைத்து அனுப்பிய நியூட்ரானை அந்தத் தண்ணீர்தான் பிடிக்கிறது. பெயர் மட்டும் ஈயத்தின் கணக்கில் ஏறுகிறது. பின்னால் ஒன்றும் இல்லாத தனி ஈயச் சுவருக்கு 0.118-ஐப் போட்டால், தாளில் பாதுகாப்பான கவசம் கிடைக்கும், அறையில் கிடைக்காது.

சரி, ஹைட்ரஜன் வேகத்தைக் குறைத்துவிட்டது. அதுவே பெரிய வெற்றி, ஏனென்றால் ஒரு வெப்ப நியூட்ரான் தரும் கதிர்வீச்சு அளவு, ஒரு மெகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரான் தருவதில் நாற்பதில் ஒரு பங்குதான். ஆனால் மெதுவான நியூட்ரான் எங்காவது உட்கிரகிக்கப்பட்டாக வேண்டும். வெறும் பாலிஎத்திலீனில் ஹைட்ரஜனே அதைப் பிடிக்கும். பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் 2.2 மெகா எலக்ட்ரான் வோல்ட் காமா ஒன்று கிளம்பும். அது எளிதில் அடங்காது. போரானின் வேலை இங்கேதான் வருகிறது. போரான்-10 கரு வெப்ப நியூட்ரானைப் பிடிக்கும் வாய்ப்பைக் காட்டும் குறுக்குவெட்டு மிகப் பெரியது, 3,840 பார்ன்; அது நியூட்ரானை விழுங்கி, ஆல்பாவாகவும் லித்தியமாகவும் உடைகிறது. அந்த இரண்டும் பிளாஸ்டிக்குக்குள்ளேயே நின்றுவிடும். கூட வருவது 0.48 மெகா எலக்ட்ரான் வோல்ட் காமா மட்டும். அதைப் பாலிஎத்திலீனே ஏழெட்டு செ.மீ.க்கு ஒருமுறை பாதியாக்கும்.

எவ்வளவு போரான் வேண்டும்? எல்லோரும் நினைப்பதைவிட மிகக் குறைவு. எடையில் ஒரு சதவீதம் இயற்கைப் போரான் கலந்தாலே, மெதுவான நியூட்ரான்களில் 94 சதவீதம் ஹைட்ரஜனிடம் போகாமல் போரானிடம் போய்விடும். ஐந்து சதவீதத்தில் அது 99 ஆகும். அதற்கு மேல் ஏற்றுவதால் பயனில்லை, இழப்பே உண்டு: போரான் சேர்மம் புகுந்த இடத்தில் ஹைட்ரஜன் குறைகிறது. 30 சதவீதப் பலகையைச் 'சக்தி வாய்ந்தது' என்று வாங்கி முழுக் கவசமும் கட்டுபவர்கள், வேக நியூட்ரானைத் தடுக்கும் சரக்கையே குறைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பலகை, மெதுவாகிவிட்ட நியூட்ரானை மெல்லிய அடுக்கில் மறைக்கும் இடங்களுக்கு உரியது.

எங்கள் பரிந்துரை அமைப்பு இது. மூலக் குப்பியைச் சுற்றி 3 செ.மீ. ஈயம், அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் 30 செ.மீ. ஐந்து சதவீதப் போரான் பாலிஎத்திலீன். வெளியே எஃகுத் தகட்டு உறை. ஈயத்தின் சரியான இடம் இதுதான். உள்ளே வைத்தால் எட்டு கிலோ அளவிலேயே மூலத்தின் 4.4 மெகா எலக்ட்ரான் வோல்ட் காமாவைக் கால்வாசிக்கு இறக்கிவிடலாம். அதே 3 செ.மீ. ஈயத்தைப் பாலிஎத்திலீனுக்கு வெளியே போர்த்தினால் அரை டன்னைத் தாண்டும். வெளியே போர்த்த வேண்டிய தேவையே ஹைட்ரஜன் காமாவால்தான் எழுகிறது. போரான் அதை எழவிடாமல் செய்கிறது.

இந்த மூலத்தின் நியூட்ரான் அளவை ஐந்து சதவீதப் பலகை ஏறத்தாழ 7.5 செ.மீ.க்கு ஒருமுறை பாதியாக்கும் என்று திட்டமிடலாம். 30 செ.மீ.யில் நான்கு பாதி, அதாவது பதினாறில் ஒன்று. ஒரு மீட்டரில் மணிக்கு 25 இருந்த இடத்தில் சுமார் 1.5 மைக்ரோசீவர்ட் வரும். இது திட்ட எண் மட்டுமே. தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் நியூட்ரான் இதில் இல்லை, ஆகவே கட்டி முடித்ததும் அளந்தே தீரவேண்டும்.

காலப்போக்கில் தொல்லை தருவது கதிர்வீச்சு அல்ல, பிளாஸ்டிக்கின் குணம். 'போரான் தீர்ந்துபோகுமா' என்று பலரும் கேட்கிறார்கள். 30 ஆண்டில் இந்த மூலம் தரும் மொத்த நியூட்ரான் சுமார் 2 × 10^15. ஒரே ஒரு கிலோ பலகையில் உள்ள போரான்-10 அணுக்களோ 5 × 10^23. தீராது. தீராத கவலை இணைப்புகளில்தான். ஒரு மீட்டர் நீளப் பாலிஎத்திலீன் பலகை, அறை 15 டிகிரி குளிர்ந்தால் இரண்டு மி.மீ.க்கும் மேலாகச் சுருங்கும். கோடையில் இறுக்கி அடுக்கிய பலகைகளுக்கு நடுவே குளிர்காலத்தில் கத்தி முனை நுழையும் பிளவு தெரியும். அந்தப் பிளவு மூலத்திலிருந்து நேர்க்கோட்டில் இருந்தால், நியூட்ரான் அதன் வழியே எந்தத் தடையும் இல்லாமல் வெளியே வரும். அதனால் 30 செ.மீ.யை ஒரே தடிமனாக வாங்காமல், 2.5 அல்லது 5 செ.மீ. பலகைகளாக வாங்கி, செங்கல் கட்டுவது போல ஒவ்வொரு அடுக்கின் இணைப்பையும் முந்தைய அடுக்கிலிருந்து 5 செ.மீ.யாவது தள்ளி வைக்க வேண்டும். மூடியின் விளிம்பையும் நேராக வெட்டாமல் படிபோல வெட்ட வேண்டும். போரான் கார்பைடு கலந்த பலகை சாதாரண ரம்பத்தை விரைவில் மழுக்கிவிடும். கார்பைடு பல் வைத்த ரம்பமே தாங்கும்.

கனமான எதையும் பாலிஎத்திலீன் மேல் நிறுத்தக் கூடாது. ஈயத்தின் எடை மாதக்கணக்கில் அழுத்தினால் பலகை மெல்ல அமுங்கிப் பிதுங்கும், மூடி உட்காராது. உள் ஈயத்துக்குத் தனி எஃகுத் தாங்கி கொடுங்கள். எஃகு உறை தீக்கும் தேவை. பாலிஎத்திலீன் எரியும், எரிந்தால் உருகி ஒழுகும், கவசம் தரையில் கிடக்கும்.

பாரபின் மெழுகும் போரிக் அமிலத் தண்ணீரும் இதே வேலையைச் செய்யும், ஆனால் கண்காணிப்பைக் கேட்கும். மெழுகை ஒரே ஊற்றாக ஊற்றினால் ஆறும்போது சுருங்கி நடுவில் குழி விழும், வெளியே தெரியாது. மெல்லிய அடுக்குகளாக ஊற்ற வேண்டும். தண்ணீரில் 20 டிகிரியில் போரிக் அமிலம் லிட்டருக்கு 47 கிராம் அளவுக்குத்தான் கரையும், அதாவது போரான் முக்கால் சதவீதத்துக்குச் சற்று மேல். மேலே சொன்ன கணக்குப்படி அது போதுமானதே. ஆவியாகி மட்டம் இறங்கினால் மேற்பகுதி வெறுமையாகும் என்பதுதான் பிரச்சினை. தொட்டிக்கு வெளியே மட்டக் குழாய் இல்லாமல் தண்ணீர்க் கவசம் வைக்க வேண்டாம்.

வந்திறங்கிய பலகையில் போரான் உண்மையிலேயே இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மூலத்துக்கு முன்னே வைத்த பாலிஎத்திலீன் கட்டைக்குப் பின்னால், மெதுவான நியூட்ரானை எண்ணும் ஹீலியம்-3 குழாயை உறையின்றி வைத்து எண்ணிக்கை எடுங்கள். பிறகு குழாய்க்கு முன்னால் ஒரு மி.மீ. காட்மியம் தகடு, அடுத்து அதே இடத்தில் 2.5 செ.மீ. பலகைத் துண்டு. இரண்டிலும் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரே அளவுக்குச் சரிய வேண்டும். பலகையின் ஒரு மூலையில் எண்ணிக்கை குறைந்து இன்னொரு மூலையில் குறையாவிட்டால், கலவை சீராக இல்லை.

ஆனால் கட்டிய கவசத்தைச் சோதிக்க அந்தக் குழாயைப் பயன்படுத்தாதீர்கள். போரான் அடுக்குக்கு வெளியே மெதுவான நியூட்ரான் இருக்காது, வேகமானவை இருக்கும். உறையில்லாக் குழாய்க்கு வேகமானவை தெரியாது. ஈயப் பானையை நம்பவைத்த கெய்கர் மீட்டரின் பிழையே இங்கே வேறு உருவில் திரும்பிவரும். பாலிஎத்திலீன் கோளம் போர்த்திய ரெம் கவுண்டர்தான் சரியான கருவி. தூரத்தை அதன் கோள மையத்திலிருந்து அளக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியிலும் ஐந்து நிமிடமாவது எண்ணவிட வேண்டும், ஏனெனில் 1.5 மைக்ரோசீவர்ட் அளவில் எண்ணிக்கை மிக அரிதாகவே விழும். மூடி விளிம்பையும் நான்கு மூலைகளையும் கோடையில் ஒருமுறை, குளிர்காலத்தில் ஒருமுறை அளந்து அருகருகே எழுதிவைத்தால், விரிந்த இணைப்பு எந்த மூலையில் இருக்கிறது என்பது அந்த இரண்டு எண்களிலேயே தெரிந்துவிடும்.