தானியங்கி கேப்ஷனைச் சரிபார்க்க நான்கு வழிகள்: எது எதைப் பிடிக்கும், எது எதை விடும்

கண் சொட்டு மருந்தை எப்படிப் போடுவது என்று விளக்கும் எட்டு நிமிட வீடியோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். பேசுபவர் சொல்வது இது: "எரிச்சல் இருந்தா உடனே நிறுத்த வேணாம், டாக்டர்கிட்ட கேளுங்க." தானியங்கி கேப்ஷன் கோப்பில் வந்திருப்பது இது:

```
41
00:03:12,400 --> 00:03:15,900
எரிச்சல் இருந்தா உடனே நிறுத்த வேணும்,
டாக்டர்கிட்ட கேளுங்க.
```

எழுத்துப்பிழை இல்லை, வாக்கியமும் இயல்பாக ஓடுகிறது. மருத்துவ அறிவுரை மட்டும் தலைகீழாகிவிட்டது. காது கேட்பவர் என்றால் ஒலியைக் கேட்டு அந்த நொடியே திருத்திக்கொள்வார். கேப்ஷனை மட்டுமே நம்பிப் பார்ப்பவருக்கு ஒத்துப்பார்க்க வேறு எதுவும் இல்லை. எந்தச் சரிபார்ப்பு முறையாக இருந்தாலும் இந்த 41ஆம் வரியைப் பிடிக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

பலரும் செய்வது, கேப்ஷன் எழுத்தை மட்டும் படித்துத் திருத்துவது. வேகமான முறைதான். பெயர் சிதைந்திருந்தால் தெரியும், பொருளே இல்லாத சொற்கூட்டம் வந்தால் கண்ணில் உறுத்தும். ஆனால் 41ஆம் வரி எந்தத் தடையும் இல்லாமல் தப்பிவிடும். இன்றைய பேச்சுணரிகள் ஒலியோடு சேர்த்து அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்பதையும் கணித்தே எழுதுகின்றன. அதனால் அவை செய்யும் தவறும் நல்ல தமிழாகவே இருக்கும். விடுபட்ட வாக்கியம் இன்னும் மோசம். "திறந்த பாட்டிலை ஒரு மாசத்துக்கு மேல வச்சுக்காதீங்க" என்ற வரியை மென்பொருள் விழுங்கிவிட்டால், முன்னும் பின்னும் உள்ள வரிகள் ஒட்டிக்கொண்டு சீராகவே ஓடும். இல்லாத ஒன்றைப் படித்துக் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டாவது, மென்பொருள் தரும் நம்பக மதிப்பெண்ணை வைத்துச் சரிபார்ப்பது. ஒவ்வொரு சொல்லையும் எவ்வளவு உறுதியாக எழுதியது என்று சில கருவிகள் காட்டும். மதிப்பெண் குறைந்த சொற்களை வண்ணமிட்டு, அந்த இடங்களை மட்டும் கேட்டுத் திருத்தலாம். ஊர்ப்பெயர், ஆள்பெயர், மருந்துப்பெயர் ஆகியவற்றுக்கு இது நன்றாக உதவுகிறது. ஆனால் அந்த மதிப்பெண் காட்டுவது மென்பொருளின் உறுதியை மட்டும்தான். தவறான சொல்லையும் அது முழு உறுதியோடு எழுதும். "நிறுத்த" என்பதற்குப் பின்னால் "வேணும்" வருவதில் அதற்கு எந்தத் தயக்கமும் இராது. விடுபட்ட சொல்லுக்கோ மதிப்பெண்ணே கிடையாது. படிப்பதற்குத் துணையாக இதை வைத்துக்கொள்ளலாம், அதைத் தாண்டி நம்ப மாட்டேன்.

மூன்றாவது, ஒரு பகுதியை மாதிரியாக எடுத்துப் பிழை விகிதம் கணக்கிடுவது. நிறுவனங்களுக்குப் பிடித்த முறை. அறிக்கையில் ஓர் எண் கிடைக்கிறதே. சொற்பிழை விகிதம் என்பது மாறிய சொல், விடுபட்ட சொல், கூடுதலாக நுழைந்த சொல் மூன்றையும் கூட்டி, உண்மையில் பேசிய சொற்களின் எண்ணிக்கையால் வகுப்பது. தமிழில் இது தொடக்கத்திலேயே இடறுகிறது. "போகவில்லை" என்பதை மென்பொருள் "போக வில்லை" என்று பிரித்து எழுதினால் ஒரு சொல் மாறியது, ஒன்று நுழைந்தது என்று இரண்டு பிழை கணக்காகும். படிப்பவருக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை.

கணக்கைப் போட்டே பார்ப்போம். நூறு சொல் கொண்ட இரண்டு பகுதிகள். முதலாவதில் "அப்புறம்", "அப்பறம்" போன்ற சில்லறை வேறுபாடுகள் ஆறு. இரண்டாவதில் ஒரே பிழை, நம் "வேணும்". சொற்பிழை விகிதம் முதலாவதற்கு 6 சதவீதம், இரண்டாவதற்கு 1 சதவீதம். ஆபத்தான கேப்ஷன்தான் சிறந்தது என்கிறது கணக்கு.

இந்தக் குறையைப் போக்க, பிழையின் கனத்துக்கு ஏற்பக் கழிக்கும் முறையும் உண்டு. நேரலை வசனவரிகளை அளப்பதற்காக ரொமேரோ ஃப்ரெஸ்கோ, மார்டினெஸ் இருவரும் உருவாக்கிய என்.இ.ஆர். முறையில் சிறுபிழைக்கு 0.25, நடுத்தரப் பிழைக்கு 0.5, பொருளையே மாற்றும் பிழைக்கு 1 கழிப்பார்கள். 98 சதவீதம் வந்தால் தேர்ச்சி. இப்போது முதல் பகுதிக்கு 98.5, இரண்டாவதற்கு 99. இரண்டும் தேர்ச்சி, முன்னிலையில் இருப்பது மறுபடியும் தவறான கேப்ஷன்தான். இரண்டு மென்பொருள்களில் எதை வாங்கலாம் என்று முடிவெடுக்க இந்த எண்கள் உதவும். ஒரு குறிப்பிட்ட வீடியோவை வெளியிடலாமா என்ற கேள்விக்கு இவற்றிடம் பதில் கிடையாது.

நான்காவது, முழு ஒலியையும் கேட்டு வரிவரியாக ஒப்பிடுவது. நிறுத்தி நிறுத்திக் கேட்பதால் வீடியோவின் நீளத்தைப் போலப் பல மடங்கு நேரம் பிடிக்கும். அப்படியிருந்தும் வெளியிடுவதற்கு முன்னால் இதைத்தான் செய்ய வேண்டும் என்பேன். ஆனால் கேட்கும் விதத்தில் ஒரு கவனம் வேண்டும். வரியைப் பார்த்துக்கொண்டே கேட்டால், கண் படித்ததையே காதும் கேட்டதாக எடுத்துக்கொள்ளும். "வேணும்" என்று படித்துக்கொண்டிருப்பவர் காதில் "வேணாம்" விழாமலே போகும். எனவே முதலில் வரியைப் பார்க்காமல் அந்தத் துண்டு ஒலியைக் கேளுங்கள், பிறகு வரியைப் பாருங்கள். எதிர்மறைச் சொற்களிலும் எண்களிலும் இரண்டு முறை கேளுங்கள். பேச்சுத் தமிழில் "அம்பது", "எம்பது" இரண்டுக்கும் இடையே முதல் உயிரெழுத்து ஒன்றுதான் வேறுபாடு. ஒலிப்பதிவில் கொஞ்சம் இரைச்சல் இருந்தாலே அது கரைந்துவிடும்.

விடுபட்ட வரிகளுக்கு ஒலியலை வரைபடம் பெரிய துணை. சப்டைட்டில் எடிட் போன்ற இலவச மென்பொருளில் ஒலியலையும் கேப்ஷன் கட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். அலை எழும்பியிருந்தும் மேலே கட்டம் இல்லையென்றால் அங்கே பேச்சு விடுபட்டிருக்கலாம், அல்லது கதவு தட்டும் ஓசை, சிரிப்பு போன்ற ஏதாவது ஒலி இருக்கலாம். பார்வையாளருக்குத் தேவையான ஒலி என்றால் அதையும் எழுதியாக வேண்டும். எதிர்மாறாக, அலை தட்டையாக இருக்கும் இடத்தில் கட்டம் இருந்தால் சந்தேகப்படுங்கள். அமைதியிலும் பின்னணி இசையிலும் யாருமே பேசாத வாக்கியங்களைச் சில பேச்சுணரிகள் இட்டுக்கட்டி எழுதுவது தெரிந்த விஷயம்.

முழுதாகக் கேட்டு முடித்த பிறகும் ஒன்று பாக்கி: ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பார்ப்பது. வரி படித்து முடிப்பதற்குள் மறைகிறதா, இருவர் பேசும்போது யார் வரி யாருடையது என்று தெரிகிறதா, திரையில் உள்ள எழுத்தைக் கேப்ஷன் மறைக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் புலப்படும். இந்தச் சுற்றுக்கு, கேப்ஷனோடு பார்த்துப் பழகிய காது கேளாத ஒருவரின் கண் மற்றவர்களுடையதைவிடக் கூர்மையானது. அவருடைய நேரத்துக்கு ஊதியம் கொடுத்து அழைப்பதே முறை. ஆனால் கேப்ஷன் ஒலியோடு பொருந்துகிறதா என்ற பொறுப்பை அவர் தலையில் கட்டக்கூடாது. 41ஆம் வரி அவருக்கும் சரியாகவே தெரியும்.

கையில் நேரமே இல்லாத நாளில் நான் செய்வது இது: கோப்பில் "வேணும்", "வேணாம்", "கூடாது", "இல்ல", "லாம்" ஆகியவற்றையும் எல்லா எண்களையும் தேடி, அந்த வரிகளை மட்டும் முழுதாகக் கேட்பேன், பிறகு ஒலியலையில் கட்டமில்லாத மேடுகளைக் கேட்பேன். 41ஆம் வரியும் காணாமல்போன பாட்டில் வரியும் இதில் சிக்கிவிடும். பெயர்ப் பிழைகள் சில மிஞ்சத்தான் செய்யும். அதனால் மருந்து, சட்டம், பணம் பற்றிய வீடியோ என்றால் இந்தக் குறுக்குவழியை எடுக்காமல், வெளியீட்டை அடுத்த நாளுக்குத் தள்ளிவைக்கிறேன்.